‘பிரிஜ் குளிரேல்ல அண்ணா’ – இதைக் கோரிக்கைக் கடிதமாக்குவது எப்படி?

வாசகி கேட்கிறார்:

ஐயா, 2024 மார்ச் 9ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் 238,000 ரூபாய்க்குப் பிரிஜ் வாங்கினேன். கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய காசு. பத்து வருச வொரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். போன நவம்பரில் இருந்து மேலே ஐஸ் பெட்டி குளிருது, கீழ்ப்பக்கம் குளிரேல்லை. நவம்பர் 27ஆம் திகதி கம்பனி ரெக்னீசியன் வந்து, காஸ் போய்விட்டது, காஸுக்கு வொரண்டி இல்லை என்று 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு காஸ் அடித்தார். பதினொரு நாள் நல்லாய் வேலை செய்தது. பிறகு பழையபடிதான். டிசம்பர் 22 வந்தவர் கொம்பிரசர் நல்லம், உங்கட வீட்டு வோல்டேஜ்தான் பிழை, ஒருநாள் முழுக்க நிற்பாட்டிவிட்டுப் போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் செய்ததும் இரண்டு கிழமை குளிர்ந்தது. ஜனவரி முதல் கிழமையோடு அதுவும் நின்றுவிட்டது. அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்து எடுக்கிறோம். வட்ஸ்அப்பில் எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், ‘நோட் பண்ணியிருக்கிறம்’ என்றுதான் பதில் வருகிறது. எழுதியவற்றைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புதுப் பிரிஜ் கேட்கலாமா? பேஸ்புக்கில் போட்டால் சரிவருமா, இல்லாவிட்டால் கேஸ் போடவேணுமா?

– வலிகாமம் வாசகி

சட்டத்தரணி பதில்:

சகோதரி, முதலில் உங்கள் வொரண்டி அட்டையை எடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் அதன் பின்பக்கமும் இருந்தது, நல்லதாய்ப் போயிற்று. பத்து வருசம் என்று பெரிய எழுத்தில் முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பது இதுதான்: பத்து வருசம் கொம்பிரசருக்கு மட்டும். மற்றப் பாகங்களுக்கும் திருத்தக் கூலிக்கும் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருசம். அதாவது இந்த மார்ச் 8ஆம் திகதியோடு உங்கள் பிரிஜ்ஜின் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் முடிகிறது. நான் இதை எழுதுகிற நேரத்தில் மூன்று கிழமைதான் மிச்சம்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். பாதியைச் சொன்னார். உங்களைப் போல எத்தனையோ பேர் ‘பத்து வருசம் இருக்குத்தானே’ என்று ஆறுதலாக இருந்து, பாகங்களுக்கான காலம் முடிந்த பிறகு என்னிடம் வருகிறார்கள். உத்தரவாதக் காலத்துக்குள் வந்த பழுதை அந்தக் காலத்துக்குள்ளேயே எழுத்தில் அறிவித்துவிட்டால், திருத்தம் மார்ச் 8ஐத் தாண்டி இழுபட்டாலும் உங்கள் உரிமை கையில் நிற்கும். ஆகவே இன்று பேச்சு புதுப் பிரிஜ் பற்றியது அல்ல. ஒரு கடிதம் பற்றியது.

உங்கள் செய்திகளில் என்ன குறை?

நீங்கள் எழுதியவற்றில் நாலை மட்டும் இங்கே எடுக்கிறேன்.

டிசம்பர் 9: “அண்ணா பிரிஜ் திரும்பவும் வேலை செய்யேல்ல. ஆளை அனுப்புங்கோ.”

டிசம்பர் 15: “ஹலோ??”

ஜனவரி 7: இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் குரல் பதிவு.

ஜனவரி 19: “இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, இப்பிடி ஏமாத்திறீங்களே. கொம்பிரசர் போட்டுது. புதுசு தாங்கோ, இல்லாட்டி பேஸ்புக்கில போடுவன்.”

இவற்றைக் கொழும்பில் ஒரு கணினிக்கு முன்னால் இருந்து வாசிக்கிற பிள்ளையாக உங்களை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிரிஜ், எப்போது வாங்கியது, வொரண்டிக்குள் இருக்கிறதா, முன்பு யாராவது பார்த்தார்களா – ஒன்றும் தெரியாது. தொலைபேசி இலக்கத்தைப் போட்டுத் தேடினால் டிசம்பர் 22 வேலை ‘பார்த்தாயிற்று, கொம்பிரசர் சரி, வோல்டேஜ் பிரச்சினை’ என்று மூடிக் கிடக்கும். மூடிய வேலையைத் திரும்பத் திறப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். ‘ஹலோ’ என்பது காரணம் இல்லை. குரல் பதிவை அந்த மேசையில் யாரும் முழுக்கக் கேட்பதுமில்லை, அதை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பவும் முடியாது.

வட்ஸ்அப் செய்திக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு வடிவில் உள்ள ஆவணத்தையும் ஏற்கிறது. நீங்கள் டிசம்பர் 9ஆம் திகதியே முறையிட்டீர்கள் என்பதற்கு அந்தச் செய்தி நல்ல சாட்சி. எதையும் அழிக்கவேண்டாம். திகதி தெரியும்படி படமெடுத்துத் தம்பியின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ஆனால் சாட்சி வேறு, கோரிக்கை வேறு. முறையிட்டீர்கள் என்பதைச் செய்தி காட்டும். என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்று நீங்கள் இன்னும் யாரிடமும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

‘கொம்பிரசர் போட்டுது’ என்று எழுதாதீர்கள்

ஜனவரி 19 செய்தியில் உங்களுக்கே பாதகமான வரி இதுதான். பேஸ்புக் மிரட்டலைக்கூட நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. கொம்பிரசர் என்று நீங்கள் எழுதினால் வருகிறவர் கொம்பிரசரைப் பார்ப்பார். அது ஓடும். ‘முறையிட்ட பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பழுதின் பெயரைச் சொல்வது அவர்களுடைய வேலை. உங்கள் வேலை கண்டதைச் சொல்வது.

நீங்கள் கண்டது உண்மையில் மிகப் பெறுமதியானது. அதைக் கடிதத்தின் நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மேல்பெட்டி குளிர்கிறது, கீழே குளிரவில்லை. காஸ் அடித்த பிறகு பதினொரு நாள் சரி. காஸ் அடிக்காமல் சும்மா ஒருநாள் நிற்பாட்டிப் போட்டதற்கும் இரண்டு கிழமை சரி. இந்த இரண்டாவது விடயத்தை நான் பிரிஜ் திருத்துகிற நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கேட்டதும் சிரித்தார்.

அவர் சொன்னது இது. ஐஸ் கட்டாத வகைப் பிரிஜ்களில் குளிர் உண்டாகிற சுருள் மேல்பெட்டியின் பின்தட்டுக்குள் இருக்கும். ஒரு சின்ன விசிறி அந்தக் குளிரைக் கீழே தள்ளும். சுருளில் படிகிற உறைபனியைக் குறித்த நேரத்துக்கு ஒருதரம் ஒரு ஹீற்றர் உருக்கிவிடும். அந்த ஹீற்றரோ அதற்குரிய சென்சரோ பழுதானால் பனி கட்டி கட்டிக் காற்றுப்பாதை அடைபடும். மேல்பெட்டி சுருளோடு ஒட்டி இருப்பதால் குளிர்ந்துகொண்டே இருக்கும், கீழே காற்று வராது. பிரிஜ்ஜை ஒருநாள் நிற்பாட்டினால் பனி தானாக உருகும், பாதை திறக்கும், திரும்பப் பனி கட்டும்வரை ஒன்று இரண்டு கிழமை ஓடும். நவம்பர் 27 காஸ் அடிப்பதற்காகவும் பிரிஜ்ஜைப் பல மணித்தியாலம் நிற்பாட்டித்தானே இருப்பார்கள்? அந்தப் பதினொரு நாளும் காஸ் செய்த வேலையா, உருகின ஐஸ் செய்த வேலையா என்று பார்க்கவேண்டும்.

காஸ் பற்றி இன்னொன்றும் சொன்னார். பிரிஜ்ஜின் காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, பாவிக்கப் பாவிக்கக் குறைகிற சாமான் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கவேண்டும். காஸ் குறைந்த பிரிஜ்ஜை ஒருநாள் நிற்பாட்டிப் போட்டால் குளிர் திரும்பாது. இதிலிருந்து உங்களுக்கு இரு பக்கமும் கூரான ஒரு கேள்வி கிடைக்கிறது. காஸ் உண்மையில் குறைந்திருந்தால், கசிவை எங்கே கண்டுபிடித்து எப்படி அடைத்தீர்கள்? குறைந்திருக்கவில்லை என்றால், 14,500 ரூபாய் எதற்கு? இரண்டில் எது என்றாலும் பணம் வாங்கிச் செய்த வேலை பழுதை நீக்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ‘ஹீற்றர் பழுது’ என்றும் எழுதிவிடாதீர்கள். அதுவும் கொம்பிரசர் என்று எழுதுவதுபோலத்தான். விசிறி மோட்டராக இருக்கலாம், போர்ட்டாக இருக்கலாம். பின்தட்டைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், வெளி ஆளை வைத்துக் கழற்றவும் வேண்டாம். கம்பனி ஆள் அல்லாதவர் கை வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று உங்கள் அட்டையிலேயே ஆறாவது வரியில் இருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். ஃபார்மஸியில் பிரிஜ் தெர்மாமீற்றர் ஒன்று வாங்கி, ஒரு தம்ளர் தண்ணீருக்குள் போட்டு, கீழ்ப்பக்கம் நடுத்தட்டில் இரவு வைத்து விடியக் கதவு திறந்தவுடன் படமெடுங்கள். தண்ணீருக்குள் போடச் சொல்வதற்குக் காரணம், கதவு திறந்ததும் காற்றின் சூடு மாறிவிடும், தண்ணீரின் சூடு அவ்வளவு கெதியில் மாறாது. மூன்று நாள் இப்படி எடுத்தால் போதும். இன்சுலின் திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். உங்கள் பிரிஜ் 15 பாகை காட்டினால் ‘குளிரேல்ல’ என்ற சொல்லுக்கு இனி இரண்டு பொருள் கிடையாது.

வோல்டேஜ் என்ற பதில்

இந்தப் பதில் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. சிலவேளை உண்மையாகவும் இருக்கும். மின்னல் விழுந்து, அல்லது மின் அளவு கூடிக் குறைந்து பழுதான சாமானுக்கு உத்தரவாதம் இல்லை என்று எல்லா அட்டைகளிலும் இருக்கிறது. ஆனால் விலக்கு ஒன்றைச் சொல்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும். டிசம்பர் 22 வந்தவர் மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை என்று வேலைச் சீட்டைப் பார்த்தாலே தெரிகிறது, அளவு எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. இலங்கையில் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையில் இருந்தால் அது ஒழுங்கான மின்சாரம். இதற்கு வெளியே போனது எந்த நாள், எத்தனை வோல்ட், அதனால் பழுதான பாகம் எது என்று எழுத்தில் கேளுங்கள். வோல்டேஜால் போன பாகம் ஒருநாள் நிற்பாட்டிப் போட்டவுடன் இரண்டு கிழமைக்குத் திருந்தி வராது என்பதையும் மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம்.

எதைக் கேட்பது?

புதுப் பிரிஜ் கேட்கலாமா என்று கேட்டீர்கள். கேட்கலாம், ஆனால் முதல் வரியில் அல்ல. உங்கள் அட்டையின்படி திருத்துவதா மாற்றித் தருவதா என்பது கம்பனியின் தெரிவு. நீங்கள் நேரே புதுசு கேட்டால் ‘நிபந்தனையில் அப்படி இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அந்த வரி சரியாகவும் இருக்கும். படிப்படியாகக் கேட்டால் ஒவ்வொரு படியிலும் அவர்கள் பதில் சொல்லவேண்டும். இலவசமாகத் திருத்து, இத்தனை நாளுக்குள். வீணாய் வாங்கிய காசைத் திருப்பித் தா. இதே பழுது மறுபடி வந்தால் அல்லது நாளுக்குள் செய்யாவிட்டால் மாற்றித் தா, இல்லையேல் பணத்தைத் தா.

பழுதான மீன், பால், பக்கத்து வீட்டுக்கு நடந்த நடை, இதற்கெல்லாம் 50,000 ரூபாய் நட்டஈடு என்று உங்கள் பட்டியலில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லுவேன். உணவு பழுதானதற்குப் பொறுப்பில்லை என்று அட்டை சொல்கிறது, உங்களிடம் கணக்கும் இல்லை. காட்ட முடியாத ஒரு தொகை பட்டியலில் இருந்தால், பற்றுச்சீட்டோடு காட்டக்கூடிய 14,500க்கும் அதே மதிப்புத்தான் கிடைக்கும். இன்சுலின் விடயத்தை மட்டும் வையுங்கள், பணத்துக்காக அல்ல, அவசரம் ஏன் என்று காட்ட.

யாருக்கு எழுதுவது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். பிரிஜ்ஜைச் செய்த கம்பனி வெளிநாட்டில் இருக்கிறது. அட்டையில் உத்தரவாதம் தருவதாகக் கையெழுத்திட்டிருப்பது கொழும்பில் உள்ள ஏக முகவர். கடிதம் அவருக்கு. பிரதி, உங்களுக்கு விற்ற யாழ்ப்பாணக் கடைக்கு. ‘நாங்கள் வித்தது மட்டும்தான், கம்பனியோட கதையுங்கோ’ என்று கடை சொல்லும். அது முழுச் சரியில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்றவர் மீதும் பொருளின் தரம் பற்றிய கடப்பாடுகளைச் சுமத்துகிறது. பற்றுச்சீட்டில் உள்ள பெயர் யாருடையதோ அவரோடுதான் உங்கள் ஒப்பந்தம்.

திருத்தி எழுதிய கடிதம்

நீங்கள் அனுப்பியவற்றை வைத்து நானே எழுதித் தருகிறேன். வெற்றிடங்களை நிரப்புங்கள். தொடர் இலக்கத்தை வொரண்டி அட்டையிலிருந்து பார்த்து எழுதவேண்டாம், கடையில் அவசரத்தில் எழுதியதாக இருக்கும். பிரிஜ்ஜின் உட்சுவரிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் படமெடுத்து அதைப் பார்த்து எழுதுங்கள். பூச்சியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாறி எழுதினால், ‘இந்த இலக்கத்தில் எங்களிடம் விற்பனையே இல்லை’ என்று ஒரு கிழமை போய்விடும்.

> 2026 பெப்ரவரி 16
>
> வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
> (ஏக முகவரின் பெயர், முகவரி)
>
> பிரதி: முகாமையாளர், (விற்பனை செய்த கடை), யாழ்ப்பாணம்.
>
> உத்தரவாதக் காலத்துள் ஏற்பட்ட பழுதுக்கான கோரிக்கை
> மொடல்: …… தொடர் இலக்கம்: ……
> வாங்கிய திகதி: 2024 மார்ச் 9. பற்றுச்சீட்டு இலக்கம்: …… விலை: ரூ. 238,000
> உத்தரவாதம்: பாகங்களும் திருத்தக் கூலியும் 2026 மார்ச் 8 வரை, கொம்பிரசர் பத்து வருடம்.
>
> ஐயா/அம்மணி,
>
> மேற்படி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதி 2025 நவம்பர் முதல் குளிர்வதில்லை. மேல் உறைபெட்டி குளிர்கிறது. பெப்ரவரி 13, 14, 15 ஆம் திகதிகளில் காலை 6 மணிக்கு நடுத்தட்டில் எடுத்த வெப்ப அளவுகள் முறையே ……, ……, …… பாகை செல்சியஸ். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இதுவரை நடந்தவை:
> 2025 நவம்பர் 18 – தொலைபேசியில் முறையிட்டேன்.
> நவம்பர் 27 – உங்கள் ரெக்னீசியன் காஸ் நிரப்பினார். ரூ. 14,500 செலுத்தினேன் (வேலைச் சீட்டு இலக்கம் ……).
> டிசம்பர் 8 – அதே பழுது திரும்ப வந்தது. மறுநாள் வட்ஸ்அப்பில் அறிவித்தேன்.
> டிசம்பர் 22 – இரண்டாவது வருகை. கொம்பிரசர் சரி என்றும் மின் அளவே காரணம் என்றும் கூறப்பட்டது. மின் அளவு வேலைச் சீட்டில் பதியப்படவில்லை. பாகம் எதுவும் மாற்றப்படவில்லை. ஒருநாள் நிறுத்தி வைத்த பின் சுமார் இரண்டு கிழமை இயங்கியது.
> 2026 ஜனவரி 7 – அதே பழுது மீண்டும் வந்ததை அறிவித்தேன். இன்றுவரை எவரும் வரவில்லை.
>
> நான் கோருவது:
> 1. 2026 மார்ச் 2ஆம் திகதிக்குள் ரெக்னீசியன் ஒருவரை அனுப்பி, பழுதின் காரணத்தை எழுத்தில் தந்து, உத்தரவாதத்தின்படி கட்டணமின்றித் திருத்தித் தருதல்.
> 2. நவம்பர் 27இல் செலுத்திய ரூ. 14,500ஐத் திருப்பித் தருதல். காஸ் கசிவு இருந்ததாயின் அது எங்கே கண்டறியப்பட்டு எவ்வாறு அடைக்கப்பட்டது என எழுத்தில் அறிவித்தல்.
> 3. இத்திகதிக்குள் திருத்தப்படாவிடின், அல்லது திருத்திய பின் இதே பழுது மீண்டும் வரின், அதே தரத்திலான வேறொரு பெட்டியை மாற்றித் தருதல் அல்லது விலையைத் திருப்பித் தருதல்.
>
> மின் அளவே காரணம் என்பது உங்கள் நிலைப்பாடாயின், அளவிட்ட திகதி, நேரம், அளவு, அதனால் பழுதான பாகம் ஆகியவற்றை எழுத்தில் தரவும்.
>
> வீட்டில் இன்சுலின் பாவிக்கும் நோயாளி ஒருவர் இருப்பதால் இது தாமதிக்க முடியாதது. உத்தரவாதம் முடியுமுன் இக்கோரிக்கை விடுக்கப்படுவதைப் பதிவு செய்துகொள்ளவும்.
>
> இணைப்பு: பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டை (இருபக்கமும்), இரண்டு வேலைச் சீட்டுகள், வெப்ப அளவுப் படங்கள், வட்ஸ்அப் செய்திகள் – பிரதிகள்.
>
> இங்ஙனம்,
> (பெயர், முகவரி, தொலைபேசி)

இதில் கோபம் எங்கேயும் இல்லை என்று உங்களுக்கு மனவருத்தமாக இருக்கும். ஏமாத்திறீங்கள் என்ற சொல் இருந்தால் வாசிக்கிறவர் அந்தச் சொல்லுக்குத்தான் பதில் எழுதுவார், ‘நாங்கள் இருபது வருசமாக நேர்மையாக’ என்று. திகதிகளுக்கு அப்படிப் பதில் எழுத முடியாது. ‘உடனடியாக’ என்ற சொல்லையும் வேண்டுமென்றே விட்டேன். உடனடி என்பது எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, மார்ச் 2 எப்போது முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு கிழமை தருவது நியாயமான அவகாசம், அதே நேரம் மார்ச் 8க்கு முன்னும் வருகிறது.

பற்றுச்சீட்டில் தம்பியின் பெயர் இருந்தால், ‘இவர் என் சார்பில் கதைக்கலாம்’ என்று அவரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் ஒன்று வாங்கி இணைத்துவிடுங்கள். பற்றுச்சீட்டே தொலைந்திருந்தால் கடையில் பிரதி கேளுங்கள். மாட்டோம் என்றால் தம்பி அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவும், கடை முத்திரை குத்திய வொரண்டி அட்டையும் சேர்ந்து வாங்கிய நாளைக் காட்டும்.

மூலப்பிரதி எதையும் அனுப்பவேண்டாம், வருகிற ரெக்னீசியனிடமும் கொடுக்கவேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைப் படமெடுத்து, கடிதத்தின் பிரதியை மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கொழும்பில் தமிழ் வாசிக்க ஆள் இருக்கும் என்று நம்பி இருக்காமல், தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கமும் வைக்கலாம். தனியார் கம்பனி தமிழில் பதில் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்த வழியில்லை. கீழே சொல்லப்போகிற அரச அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

ரெக்னீசியன் வரும்போது பனி கட்டி, குளிர் நின்ற நிலையில் பிரிஜ் இருக்கவேண்டும். வருகிறார் என்றதும் வெட்கத்துக்குக் கழுவித் துடைத்து நிற்பாட்டி வைத்துவிடாதீர்கள், நம்முடைய வீடுகளில் அதுதான் நடக்கும். துடைத்து வைத்த பிரிஜ் அவர் வரும்போது அழகாகக் குளிரும், பழுது இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். வேலைச் சீட்டில் என்ன எழுதுகிறார் என்று வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கள். உடன்பாடில்லை என்றால் கையெழுத்துக்குக் கீழே ‘குளிர் திரும்பவில்லை’ என்று நீங்களே எழுதலாம்.

பதில் வராவிட்டால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். உற்பத்தியாளரோ வணிகரோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி விசாரித்து, நட்டஈடு, மாற்றுப்பொருள், பணத்தைத் திருப்பித் தருதல் என்று கட்டளையிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. யாழ். மாவட்டச் செயலகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொல்வது போதாது, முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. பொருள் விற்றதிலிருந்து அல்லது சேவை வழங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும் என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. பிரிஜ் வாங்கி இரண்டு வருசம் ஆகிறது, அந்தக் கணக்கில் நேரம் கடந்துவிட்டது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு காஸ் அடித்தது நவம்பர் 27. அதை ஒரு சேவையாகக் கொண்டு பெப்ரவரி 26க்குள் முறையிடலாம் என்பது என் வாதம். அதிகாரி ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால் உங்களுக்கு நட்டம் ஒரு பின்னேரம்தான். ஏற்றால் கம்பனியை அழைத்து விசாரிப்பார்கள். அதனால் கம்பனியின் பதிலுக்காக மார்ச் 2 வரை காத்திராமல், கடிதம் போட்ட கையோடு அதன் பிரதியை இணைத்து இதையும் கொடுத்துவிடுங்கள்.

கேஸ் பற்றி: இவ்வளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போகவேண்டாம். இந்த அளவுத் தகராறுகளை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகவேண்டும். நாங்கள் இணக்கசபை என்று சொல்லுவது அதைத்தான். செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. கடையை அழைத்தால் பெரும்பாலும் வருவார்கள், ஊர்க் கடை அல்லவா. கொழும்பு முகவரை வரவைப்பது கடினம். இணங்காவிட்டால் சபை தருகிற சான்றிதழோடு வழக்குக்குப் போகலாம், அப்போது திரும்ப எழுதுங்கள்.

பேஸ்புக் விடயத்தை நான் தடுக்கமாட்டேன், ஆனால் கடைசிக்கு வையுங்கள். மிரட்டலாகக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். போடுகிறதானால் திகதி, வேலைச் சீட்டு, வெப்ப அளவு, இவ்வளவும் போதும். கள்ளர், ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் மானநட்டம் என்று அவர்கள் வழக்குப் போடுவார்கள், பிறகு பிரிஜ்ஜை மறந்துவிட்டு அந்த வழக்கைப் பார்க்கவேண்டி வரும்.

உங்கள் இரண்டு வேலைச் சீட்டுகளிலும் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது, படத்திலேயே தெரிகிறது. வெப்பத்தால் அச்சாகிற அந்தக் கடதாசி ஒரு கோடைக்கு நிற்காது. இன்றைக்கே போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள்.